வேலையை விட்டவர் கையில் கடையின் பேஜ்

ஈரோட்டில் நடுத்தரமான ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். சில வருஷங்களுக்கு முன்பு கவுன்டரில் நின்ற இளைஞர், "அண்ணா, நம்ம கடைக்கு ஃபேஸ்புக்ல ஒரு பேஜ் போட்டுடலாங்களா?" என்று கேட்டார். முதலாளியும் சரியென்றார். புதுச் சரக்கு வந்தால் படம் ஏறியது, வெளியூரிலிருந்து மெசஞ்சரில் ஆர்டர் வந்தது. பிறகு அந்த இளைஞர் வேறு கடைக்குப் போய்விட்டார். பேஜில் பழைய விலையே கிடக்கிறது, கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. முதலாளி போன் போட்டுக் கேட்கிறார்: "பாஸ்வேர்டை மட்டும் சொல்லிடு தம்பி."

சிக்கல் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. ஃபேஸ்புக் பேஜுக்குத் தனியாகப் பாஸ்வேர்டு கிடையாது. பேஜை உருவாக்குபவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து உருவாக்குகிறார், அதே கணக்கிலிருந்துதான் நிர்வகிக்கவும் செய்கிறார். ஆகவே பாஸ்வேர்டைக் கேட்பது அவருடைய குடும்பப் படங்களும் நண்பர்களோடு பேசியதும் இருக்கிற கணக்கையே கேட்பதாகும். யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. கேட்க வேண்டியது, முதலாளியின் சொந்தக் கணக்கையும் முழு உரிமையோடு பேஜில் சேர்க்கச் சொல்லித்தான்.

அதற்கு முன் பேஜ் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பேஜின் About பகுதியில் Page transparency என்று ஒன்று உண்டு. பேஜ் எந்தத் தேதியில் உருவானது, பெயர் மாறியிருக்கிறதா, நிர்வகிப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் அங்கே பார்க்கலாம். ஆட்களின் பெயர் மட்டும் தெரியாது. பல கடைகளில் பையன்கள் கடையின் பெயரிலேயே ஒரு தனிநபர் கணக்கைத் திறந்து, கடை சிம் நம்பரைக் கொடுத்து, அதிலிருந்து பேஜ் தொடங்கியிருப்பார்கள். அப்படியென்றால் வேலை சுலபம். facebook.com/login/identify என்ற முகவரிக்குப் போய் அந்த நம்பரைக் கொடுத்தால், கடை சிம்முக்கே ஓடிபி வரும். சிம் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமுக்குத் தனி பாஸ்வேர்டு இருப்பதால், அங்கேயும் பதிவு செய்த நம்பரோ மெயிலோ கடையுடையதாக இருந்தால் இதே வழி செல்லும்.

நம் ஈரோட்டுக் கடையில் பேஜ் இளைஞரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. ஆகவே அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் பேஜுக்கு மாறி, Settings-இல் Page access என்ற இடத்துக்குப் போய், Add New அழுத்தி, முதலாளியின் கணக்கைத் தேர்ந்தெடுத்து, முழுக் கட்டுப்பாடு தரும் பொத்தானை இயக்கி, தன் பாஸ்வேர்டைத் தானே அடித்து உறுதிசெய்ய வேண்டும். முதலாளிக்கு அழைப்பு வரும், ஏற்றுக்கொண்டால் போதும். இரண்டு மூன்று நிமிஷ வேலை. அவர் இழுத்தடித்தால், கடைசி மாதச் சம்பளமோ தீபாவளி போனஸோ பாக்கி இருக்கிறதா என்று முதலாளி கணக்கைப் புரட்டிப் பார்க்கட்டும். பாக்கியைத் தீர்ப்பதைவிட வேகமான வழி வேறெதுவும் இதில் இல்லை என்பது என் எண்ணம்.

கோபத்தில், "உன் கணக்கையே அழிச்சுடு" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. பேஜுக்கு முழு உரிமை உள்ளவர் அவர் ஒருவரே என்றால், அவர் கணக்கு அழியும்போது பேஜும் சேர்ந்து அழிந்துவிடும்.

இன்னொரு சபலமும் உண்டு. கடைக் கம்ப்யூட்டரில் அவருடைய ஃபேஸ்புக் இன்னும் திறந்தே இருக்கும். உள்ளே போய் நாமே சேர்த்துக்கொண்டால் என்ன? கம்ப்யூட்டர் கடையுடையதுதான், ஆனால் கணக்கு அவருடையது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவில், அனுமதியின்றி நுழைவதையும் உரிமை உள்ளவரை நுழைய விடாமல் தடுப்பதையும் தவறென்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேஜை வைத்துக்கொண்டு பணம் கேட்கும் ஊழியர் மீது காட்டக்கூடிய அதே பிரிவு, அவர் கணக்குக்குள் புகும் முதலாளி மீதும் திரும்பலாம்.

பேச்சு எடுபடவில்லை என்றால் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அதன் வணிக உதவிப் பக்கத்தில் பேஜ் நிர்வாகத் தகராறு என்று முறையிடலாம். விளம்பரம் போட்டு வரும் கணக்குகளுக்கு ஆளோடு சாட் செய்யும் வாய்ப்பு பெரும்பாலும் திறக்கும், மற்றவர்களுக்கு அது அபூர்வம். அவர்கள் வழக்கமாகக் கேட்பது முதலாளியின் அரசு அடையாள அட்டை, கடையின் பதிவு ஆவணம், கையெழுத்திட்ட ஒரு வாக்குமூலம். எனக்கும் கடைக்கும் என்ன உறவு, பேஜைத் தொடங்கியவர் யார், அவர் எப்போது வேலையை விட்டார், யாரை நீக்கி யாரைச் சேர்க்க வேண்டும், சொன்னதெல்லாம் உண்மை, பொய்யென்றால் சட்டப்படி நானே பொறுப்பு என்பதெல்லாம் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கி வைப்பது நல்லது. கூடவே வேலை நியமனக் கடிதம், சம்பளம் போட்ட வங்கி விவரம், கடை அட்டையிலிருந்து விளம்பரத்துக்குப் பணம் போன ரசீது ஆகியவற்றையும் சேர்க்கலாம்.

இதில் பலர் தடுக்கி விழுவது பெயரில். ஜிஎஸ்டி சான்றிதழில் உரிமையாளரின் சட்டப் பெயர், வணிகப் பெயர் என்று இரண்டு இடங்கள் உண்டு. பேஜில் இருக்கும் கடைப் பெயர் வணிகப் பெயரோடு பொருந்த வேண்டும். சான்றிதழில் முதலாளியின் பெயர் மட்டும் இருந்தால், பேஜ் அவருடைய கடையுடையதுதான் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? முதலில் ஜிஎஸ்டியில் வணிகப் பெயரைத் திருத்திக்கொண்டு பிறகு முறையிடுவதே உசிதம். இவ்வளவும் செய்தாலும் கிடைக்கும் என்று உறுதி இல்லை. "பத்தாயிரம் கொடுங்க, பேஜை மீட்டுத் தர்றேன்" என்று இன்பாக்ஸில் வருபவர்கள் மோசடிக்காரர்கள், அவர்களிடம் ஓடிபி சொன்னால் இருக்கிற கணக்கும் போய்விடும்.

அதே இளைஞர்தான் கூகுள் மேப்பிலும் கடையைப் பதிந்திருப்பார். அங்கே வழி தெளிவாக இருக்கிறது. business.google.com-இல் கடைப் பெயரைத் தேடி, உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது உரிமை வைத்திருப்பவருக்கு மெயில் போகும், பதில் சொல்ல 3 நாள் அவகாசம். அவர் பேசாமல் இருந்துவிட்டால், பெரும்பாலும் கடை நம்முடையது என்று நிரூபித்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வரும். பல நேரம் வீடியோ கேட்பார்கள்: தெருவையும் பெயர்ப் பலகையையும் காட்டி, பூட்டைத் திறந்து, கல்லாவையோ ஊழியர் மட்டும் போகும் இடத்தையோ நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். உரிமை வந்தாலும் முதல் 7 நாள் பழைய ஆளை நீக்க முடியாது.

ஃபேஸ்புக் பேஜ் திரும்பக் கிடைத்த பிறகு, பழையவரை நீக்கிவிட்டு முதலாளியும் வீட்டில் இன்னொருவரும் முழு உரிமையோடு இருக்க வேண்டும், அதுவும் சொந்தப் பெயரில் உள்ள உண்மையான கணக்கில். கடை பெயரில் போட்ட தனிநபர் கணக்கைப் போலி என்று ஃபேஸ்புக் நீக்கினால் பேஜும் கையைவிட்டுப் போகும். பேஜ் போட்டுத் தந்தவர் இன்னும் உங்கள் கடையிலேயே வேலை செய்கிறார் என்றால், நாளைக் காலை கடை திறந்ததும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து Page access-ஐத் திறக்கச் சொல்லுங்கள், உங்கள் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.