துப்பாக்கிக் குண்டின் வேகத்தைச் சொன்ன மரக்கட்டை

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையில், 1751 ஜூலையில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற 44 வயது ஆங்கிலேயர் இறந்துபோனார். இந்தியாவில் இருந்த தன் கோட்டைகளைச் செப்பனிடக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிவைத்த தலைமைப் பொறியாளர் அவர். வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கோட்டை கட்டியதற்காக அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. 1742இல் லண்டனில் அவர் வெளியிட்ட, பீரங்கிக் கலையைப் பற்றிய ஒரு சிறு நூலுக்காகத்தான் இயற்பியல்காரர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அளந்து காட்டிய நூல் அது.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு கடினமான கேள்வி என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும். ராபின்ஸ் சுட்ட குண்டு 25 அடி தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகவில்லை. அதை அளக்கக்கூடிய கடிகாரம் அன்று உலகத்தில் எங்கும் கிடையாது. ஆகவே நேரத்தை அளப்பது என்ற யோசனையையே ராபின்ஸ் விட்டுவிட்டார். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் போகும் குண்டை, கண்ணால் பார்க்கக்கூடிய வேகத்தில் ஆடும் பெரிய எடைக்குள் புதைத்துவிட்டால் என்ன?

அவருடைய கருவி எளிமையானது. முக்காலி ஒன்றிலிருந்து ஓர் இரும்புத் தகடு ஊசல்போலத் தொங்கியது. தகட்டின் முகத்தில் கனமான மரப்பலகை பொருத்தப்பட்டிருந்தது. ஊசலின் மொத்த எடை சுமார் 56 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 25 கிலோ. அதை நோக்கிச் சுட்ட ஈயக் குண்டோ ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 38 கிராம். குண்டு மரத்தில் புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்று பார்த்து, குண்டின் வேகத்தைக் கணக்குப் போட வேண்டும். இதுதான் பாலிஸ்டிக் ஊசல்.

இந்தக் கணக்கில்தான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். எண்களோடு பார்த்தால் காரணம் புரியும். என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவர்களுக்கு .22 ரைஃபிளின் தோட்டா தெரிந்திருக்கும். அதன் ஈயமுனை சுமார் 2.6 கிராம். ஒரு மீட்டர் நீளக் கயிறுகளில் ஒரு கிலோ மரக்கட்டை தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டா அதில் புதைந்ததும் கட்டை பின்னால் ஆடி, இருந்த இடத்தைவிட 3.7 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறி நிற்கிறது. தோட்டா எவ்வளவு வேகத்தில் வந்தது?

சட்டென்று தோன்றும் வழி ஒன்று உண்டு. ஆற்றல் அழிவதில்லை என்று படித்திருக்கிறோமே! தோட்டாவின் இயக்க ஆற்றல் முழுவதும் கட்டையின் நிலை ஆற்றலாக மாறியது என்று சமப்படுத்திப் பார்த்தால், நொடிக்கு 16.7 மீட்டர் என்று விடை வரும். மணிக்கு 60 கிலோமீட்டர். பள்ளி மைதானத்தில் பந்து வீசும் பையன்கூட ஏறத்தாழ இந்த வேகத்தை எட்டிவிடுவான். ரைஃபிள் தோட்டா அப்படிப் போகாது.

தவறு ஆற்றல் விதியில் இல்லை, அதை எந்த நேரத்தில் கையில் எடுத்தோம் என்பதில் இருக்கிறது. நடந்தது ஒரு நிகழ்ச்சி அல்ல, இரண்டு. முதலாவது, தோட்டா மரத்தைத் துளைத்துக்கொண்டு போய் நிற்பது. ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போகிறது என்றால், அதற்கு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு நேரம்தான் ஆகும். அந்த நேரத்துக்குள் கட்டை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. கயிறுகள் நேராகத்தான் தொங்குகின்றன. அவை கட்டையை மேல்நோக்கி இழுக்கின்றன, புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறது. பக்கவாட்டில் தள்ளவோ தடுக்கவோ வெளியிலிருந்து எதுவும் இல்லை. எனவே கிடைமட்டத் திசையில் உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவு, மோதலுக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். மரத்துக்குள் எவ்வளவு கிழிந்தாலும், நசுங்கினாலும், சூடேறினாலும் உந்தத்துக்குக் கவலையில்லை. இயக்க ஆற்றலின் கதை வேறு. நார் கிழிவது, ஈயம் நசுங்குவது, சூடேறுவது எல்லாமே அதிலிருந்து எடுத்த செலவுதான்.

இரண்டாவது நிகழ்ச்சி, தோட்டாவைச் சுமந்த கட்டை ஊசலாக மேலே ஏறுவது. இது நிதானமாக, அரை நொடி அளவில் நடக்கிறது. இப்போது உந்த விதி உதவாது, ஏனென்றால் கயிறுகள் சாய்ந்துவிட்டன, பக்கவாட்டிலும் இழுக்கின்றன. ஆனால் கயிறு எப்போதும் கட்டை போகும் பாதைக்குச் செங்குத்தாகவே இழுப்பதால் அது ஆற்றலைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஆற்றல் விதிக்கான இடம் இதுதான்.

நிகழ்ச்சிகள் இந்த வரிசையில் நடந்தாலும், கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 3.7 சென்டிமீட்டர் ஏற வேண்டுமானால், புறப்படும்போது கட்டைக்கு நொடிக்கு 0.85 மீட்டர் வேகம் இருந்திருக்க வேண்டும். இது ஆற்றல் விதி சொல்வது. அடுத்து உந்த விதி:

m v = (M + m) V

இங்கே m தோட்டாவின் நிறை, M கட்டையின் நிறை, V கட்டை புறப்பட்ட வேகம், v நாம் தேடும் வேகம். கட்டையும் தோட்டாவும் சேர்ந்த நிறை, தோட்டாவின் நிறையைப்போல் சுமார் 386 மடங்கு. ஆகவே தோட்டாவின் வேகமும் 0.85ஐப் போல் 386 மடங்கு, நொடிக்கு ஏறத்தாழ 328 மீட்டர். காற்றில் ஒலி போகும் வேகத்தை நெருங்கும் விடை இது. .22 தோட்டாவுக்குப் பொருத்தமானதுதான்.

ஆற்றல் என்ன ஆனது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். தோட்டா 140 ஜூல் கொண்டுவந்தது. ஊசலாக மேலே ஏறியது 0.36 ஜூல். 386இல் ஒரு பங்கு மட்டும் மிஞ்சியது, மற்றதெல்லாம் மரத்துக்குள் செலவாகிவிட்டது. ராபின்ஸ் காலத்தில் இயக்க ஆற்றல் வெப்பமாகும் கணக்கு யாருக்கும் தெரியாது, அது வர இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. அவர் நம்பியது நியூட்டனின் இயக்க விதிகளையும், ஊசல் ஏறும் உயரத்துக்கும் அதன் வேகத்துக்கும் உள்ள உறவைச் சொன்ன ஹைகன்ஸின் விதியையும். மோதலில் எவ்வளவு தொலைந்தது என்று தெரியாமலே சரியான விடை கிடைக்கிறது என்பதுதான் இந்த முறையின் அழகு என்று நான் சொல்வேன்.

எந்த வழி சரி என்பதை நம்பிக்கையை வைத்து முடிவுசெய்ய வேண்டியதில்லை, சோதித்தே பார்க்கலாம். ஒரு கிலோ கட்டைக்குப் பதில் இரண்டு கிலோ கட்டையைத் தொங்கவிட்டு அதே துப்பாக்கியால் சுட்டால், கட்டை 9 மில்லிமீட்டர் சொச்சம்தான் ஏறும். இரண்டு படிக் கணக்கில் மறுபடியும் 328 வரும். வெறும் ஆற்றல் கணக்கோ முன்பு 16.7 என்றது, இப்போது 11.8 என்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டாவுக்கு எதிரே தொங்கும் கட்டையின் எடை எப்படித் தெரியும்?

இனி அளவெடுக்கும் சங்கதி. 3.7 சென்டிமீட்டர் என்று எளிதாக எழுதிவிட்டேன். ஆடிக்கொண்டிருக்கும் கட்டை எவ்வளவு உயரம் ஏறியது என்று நேரில் அளப்பது லேசில் நடக்காது. ராபின்ஸ் ஊசலின் அடியில் ஒரு ரிப்பனைக் கட்டி, அதை இரண்டு எஃகு விளிம்புகளுக்கு இடையே மெல்லப் பிடித்திருக்குமாறு விட்டார். ஊசல் பின்னால் போகும்போது ரிப்பனை இழுத்துக்கொண்டு போகும், திரும்பும்போது ரிப்பன் தொய்ந்துவிடும். எவ்வளவு ரிப்பன் வெளியே வந்தது என்று பார்த்தால் ஊசல் தொட்ட எல்லை தெரியும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தொடங்கிய புள்ளிக்கும் எட்டிய புள்ளிக்கும் இடையிலுள்ள நேர்தூரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். நம் கட்டைக்கு அந்தத் தூரம் 27 சென்டிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடையில் அரை சதவீதம்கூடப் பிசகாது. உயரத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒரு சதவீதத்துக்கு மேல் தவறிவிடும்.

ஏமாற்றும் விஷயங்கள் வேறு சிலவும் உண்டு. துப்பாக்கியை மிக அருகில் வைத்தால் வெடிமருந்துப் புகையின் வீச்சும் ஊசலைத் தள்ளும், வேகம் கூடுதலாகத் தெரியும். ஈயச் சிதறல்கள் பின்பக்கமாகத் தெறித்தாலும் அப்படித்தான். தோட்டா கட்டையைத் துளைத்து வெளியேறிவிட்டால் உந்தத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும், விடை குறையும். நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் கட்டை திருகிக்கொள்ளும், அதில் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். இதைத் தடுக்கத்தான் நான்கு கயிறுகளில் தொங்கவிடுகிறார்கள். ராபின்ஸின் ஊசல் கயிற்றில் தொங்கியது அல்ல, விறைப்பான இரும்புத் தண்டில் தொங்கியது. அதனால் குண்டு அச்சிலிருந்து எவ்வளவு கீழே பட்டது என்பதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே நேர்கோட்டு உந்தத்தின் இடத்தில் கோண உந்தம் வரும், ஆனால் கணக்கின் இரண்டு படிகளும் அதே வரிசைதான்.

இந்தக் கருவியால் அவர் கண்டுபிடித்ததில் பெரியது குண்டின் வேகம்கூட அல்ல. ஒரே மாதிரி சுட்டு, ஊசலை 25, 75, 125 அடி தூரங்களில் வைத்துப் பார்த்தார். குண்டின் வேகம் நொடிக்கு 1670, 1550, 1425 அடி என்று குறைந்துகொண்டே வந்தது. ஐம்பது அடிக்குள் 120 அடி வேகம் காணாமல் போகிறது! இதைக் கணக்கிட்டால், காற்று அந்தக் குண்டைத் தடுக்கும் விசை குண்டின் எடையைப்போல் 120 மடங்கு என்று வரும். எறிபொருள் பரவளையத்தில் பறக்கும், காற்றின் தடை பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அதுவரை பீரங்கி நூல்கள் எழுதிவந்தது வேகமான குண்டுகளைப் பொறுத்தவரை செல்லாக்காசாயிற்று. ஆய்லர் 1745இலேயே இந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் விரிவான குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். பின்னர் வுல்விச்சில் சார்லஸ் ஹட்டன் பெரிய ஊசல்களைக் கட்டி, பீரங்கிக் குண்டுகளின் வேகத்தையும் அளந்தார்.

இன்று குண்டின் வேகத்தை மின்னணுக் கருவிகள் அளக்கின்றன. ஊசல் கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்விட்டது. அங்கே தோட்டாவுக்குப் பதில் சுருள்வில் உந்தும் சிறு எஃகுக் குண்டு. உங்களுக்கு அந்தச் சோதனை வாய்த்தால், ஒரு தடவை செய்து விடையை எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். குண்டைப் பிடிக்கும் பகுதியில் கொஞ்சம் எடை ஒட்டி, மறுபடியும் சுட்டுப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே வேகம் வந்தால் மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.