படுகைக் கல் எப்போது நகரும்?

ஆற்றுப் படுகையில் கிடக்கும் மணலும் பரல்களும் எந்நேரமும் நகர்ந்துகொண்டிருப்பவை அல்ல. நீர்மட்டம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் இங்கொரு பரல் அசையும், அங்கொன்று உருண்டு நிற்கும். இன்னும் ஏறினால் படுகையின் மேற்பரப்பு முழுவதும் கிளம்பிவிடும். அந்தக் கட்டம் எப்போது வரும் என்பதை இரண்டு அளவுகளைக் கொண்டு ஓரளவு கணித்துவிடலாம். படுகையை நீர் எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பது ஒன்று. துகளின் குறுக்களவு மற்றொன்று.

துகளைப் பெயர்ப்பது நீரின் வேகம் என்றே பலரும் நினைக்கிறார்கள். மேற்பரப்பில் தெரியும் வேகம் படுகையில் கிடக்கும் கல்லுக்கு நேரடியாகத் தெரியாது. ஒரே சராசரி வேகத்தில் ஓடினாலும் ஆழமான நீரைவிட ஆழமற்ற நீர் தன் தரையை அதிகமாக இழுக்கும். ஆகவே பார்க்க வேண்டியது படுகையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நீர் எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதைத்தான். அதன் அலகு பாஸ்கல். அகன்ற, சீராக ஓடும் ஆற்றில் அதைக் கணக்கிடுவது எளிது. படுகைக்கு மேல் நிற்கும் நீரின் எடையில் சரிவின் திசையில் செயல்படும் பங்குதான் அந்த இழுப்பு:

τ = ρ g h S

இதில் ρ நீரின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம், h ஆழம், S சரிவு. 2 கிலோமீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் ஆற்றில் 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் ஓடினால் இழுப்பு ஏறத்தாழ 4.9 பாஸ்கல். ஒரு சதுர மீட்டர் படுகையை அரைக் கிலோ எடைக்குச் சமமான விசை கீழ்நோக்கி இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இழுப்பு துகளின் முகப்பரப்பின் மீது செயல்படுகிறது. துகளை நிறுத்தி வைப்பது நீருக்குள் அதற்கு மிஞ்சும் எடை. குறுக்களவு இரட்டித்தால் முகப்பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். எனவே கல்லின் குறுக்களவு இரட்டித்தால் அதைப் பெயர்க்கத் தேவையான இழுப்பும் இரட்டிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே விகிதமாக்கியவர் ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்கர். பெர்லினில் ஆய்வு செய்து 1936இல் அவர் வெளியிட்ட முனைவர் பட்ட ஆய்வேட்டில் வந்த விகிதம் இது:

θ = τ / ((ρs − ρ) g D)

D துகளின் குறுக்களவு, ρs அதன் அடர்த்தி. எடையும் கணக்கில் வருகிறது என்பதைச் சோதிக்க ஷீல்ட்ஸ் ஒரே வகைத் துகளோடு நிற்கவில்லை. நீரைவிடச் சற்றே கனமான அம்பர், பழுப்பு நிலக்கரி, கருங்கல் துண்டுகள், மிகக் கனமான பேரைட் ஆகியவற்றைச் சோதனைத் தொட்டியில் பரப்பிப் பார்த்தார். அடர்த்தி இவ்வளவு வேறுபட்டும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே வளைவில் வந்து விழுந்தன. அந்த வளைவைத்தான் இன்றும் நீரியல் பொறியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். பெரிய பரல்களுக்கு நகர்வின் எல்லையில் θ பொதுவாக 0.03க்கும் 0.06க்கும் இடையில் வரும், 0.045 நல்ல நடுமதிப்பு. அரை மில்லிமீட்டர் மணலுக்கு அது 0.03 அளவில் இருக்கும்.

மேலே சொன்ன ஆற்றில் இதை வைத்துப் பார்க்கலாம். 4.9 பாஸ்கல் இழுப்பில் 0.045ஐ எடுத்தால், நகரத் தொடங்கும் பரலின் குறுக்களவு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் மணலுக்கு 0.24 பாஸ்கலே போதும்; அதே சரிவில் 5 சென்டிமீட்டர் ஆழம் ஓடினாலே அது கிளம்பிவிடும். 30 மில்லிமீட்டர் கல்லுக்கோ 22 பாஸ்கல் வேண்டும், அதாவது சுமார் 4.5 மீட்டர் ஆழம். இந்த விடைகளைத் துல்லியமானவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 0.045க்குப் பதிலாக 0.03ஐ எடுத்தால் 7 மில்லிமீட்டர் 10 ஆகும், 0.06ஐ எடுத்தால் 5 ஆகும். எத்தனை துகள் அசைந்தால் நகர்வு தொடங்கியதாகக் கொள்வது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒருமை இல்லாததால் இந்த இடைவெளி எளிதில் மறையாது. படுகையில் மணல் மேடுகள் எழுந்திருந்தால் இழுப்பின் ஒரு பகுதி அந்த மேடுகளைத் தள்ளுவதிலேயே போய்விடும்; துகளுக்கு மிஞ்சுவது கணக்கைவிடக் குறைவு.

மிக நுண்ணிய பக்கத்தில் எளிய விதி தலைகீழாகிவிடுகிறது. களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், இறுகிய களிப் படுகையைப் பெயர்ப்பது மணலைப் பெயர்ப்பதைவிடக் கடினம். ஸ்வீடன் நாட்டவரான ஹுல்ஸ்ட்ராம் 1935இல் வெளியிட்ட வரைபடம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஷீல்ட்ஸின் எண்ணைக் களிமண்ணுக்குப் பயன்படுத்தக் கூடாது.

உண்மையான ஆற்றில் எல்லாத் துகளும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். முதலில் நடு அளவு எது என்று கண்டறிய வேண்டும். வோல்மன் 1954இல் வகுத்த முறையில் அளப்பவர் படுகையின் குறுக்கே நடந்து, கண்ணால் பார்க்காமல் கால் நுனியில் தட்டுப்படும் கல்லை எடுத்து, நீளமும் தடிமனும் அல்லாத நடு அச்சை அளக்கிறார். இப்படி நூறு கல் சேர்ப்பது வழக்கம். பார்த்துப் பொறுக்கினால் கண் பெரிய கல்லையே தேடும்; கணக்கும் அதற்கேற்பக் கோணும்.

கலந்து கிடக்கும் படுகையில் சிறிய பரல்கள் பெரியவற்றின் மறைவில் ஒளிந்துகொள்கின்றன. பெரியவை தலை நீட்டி நின்று அதிக இழுப்பை வாங்கிக்கொள்கின்றன. அதனால் சிறியவை தனியாகக் கிடந்தால் தேவைப்படுவதைவிட அதிக இழுப்பிலும், பெரியவை குறைந்த இழுப்பிலும் நகர்கின்றன. நமது ஆற்றில் நடு அளவு 10 மில்லிமீட்டர் என்றால், அது 1.5 மீட்டர் ஆழத்தில் நகரத் தொடங்கும். தனியாக இருந்தால் 4.5 மீட்டர் கேட்கும் அதே 30 மில்லிமீட்டர் கல், இந்தக் கலவையில் 1.5 மீட்டருக்குச் சற்று மேல் ஏறினாலே நகரக்கூடும். பரல் ஆறுகளில் வர்ணம் பூசிய கற்களைப் போட்டு, வெள்ளம் வடிந்தபின் தேடிப் பார்ப்பவர்கள் இதை நேரில் சரிபார்க்கிறார்கள்.

அணை கட்டப்பட்ட ஆற்றில் இந்தக் கலவை மாறிவிடும். மேலிருந்து வரும் மணலை நீர்த்தேக்கம் பிடித்து வைத்துக்கொள்ள, கீழே தெளிந்த நீர் மட்டுமே போகும். அது நகர்த்த முடிந்த நுண்துகள்களை அள்ளிச் செல்லும். ஈடு செய்ய மேலிருந்து எதுவும் வராது. கொலராடோ ஆற்றில் 1935 முதல் ஹூவர் அணைக்குக் கீழே இதுதான் நடந்தது. மணலாக இருந்த படுகை பல மீட்டர் இறங்கி, கரடான பரல்கள் மேலே மிஞ்சின. நகர்த்த முடியாத கற்கள் மூடியதும் அரிப்பு தானாகவே நின்றுவிடும்.

இந்தக் கல் மேல்தோல் இருக்கும் படுகையை மணலுக்குரிய எண்ணால் கணக்கிட்டால் எந்நேரமும் அரிக்கிறது என்று விடை வரும். ஆனால் படுகையோ அசையாமல் கிடக்கும். மேல்தோலின் நடு அளவு 30 மில்லிமீட்டரென்றால், அதே சரிவில் 4.5 மீட்டர் ஆழம் வரை அது தாங்கும். அதை மீறும் வெள்ளத்தில் மேல்தோல் கிழிந்தால், அடியில் வெறும் 5 சென்டிமீட்டர் நீருக்கே நகரும் மணல் வெளிப்பட்டு, பள்ளம் வேகமாக ஆழமாகும். பாலத் தூணைச் சுற்றி நீர் சுழன்று இழுப்பு பல மடங்கு கூடுவதால் அங்கே மேல்தோல் இன்னும் முன்னதாகவே பெயரும். ஆகவே தூணின் அடித்தள ஆழத்தை முடிவு செய்யும்போது மேல்தோலின் அளவையும் அதன் அடியிலுள்ள மணலின் அளவையும் தனித்தனியே அளந்து கணக்கிட வேண்டியிருக்கிறது.