படத்தில் பட்டு, பார்சலில் பாலியஸ்டர்

காஞ்சிபுரம் பட்டுப்புடவை 1,499 ரூபாய் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பூட்டிக் விளம்பரம் செய்கிறது. வந்து சேர்வதோ மெல்லிய பாலியஸ்டர் துணி. அசல் ஜரிகை வைத்த பட்டு அந்த விலைக்கு வரவே வராது. படம் வேறொரு நல்ல கடையிலிருந்து திருடப்பட்டது. திருட்டுக்கொடுத்த கடைக்கும் இதனால் கெட்ட பெயர்.

ஆர்டர் செய்யுமுன் அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் தேடுங்கள். அதே படம் பல கடைப் பெயர்களில் வெவ்வேறு விலைகளில் வந்தால் விலகிவிடுங்கள். பக்கத்தின் பெயரைத் தொட்டால் வரும் 'About this account' பகுதியில், கணக்கு தொடங்கிய மாதமும் பழைய பெயர்களின் எண்ணிக்கையும் இருக்கும். பெயரை அடிக்கடி மாற்றியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

படம் எதிலும் சிக்காவிட்டால், உங்கள் பெயர் எழுதிய தாளைப் புடவைமேல் வைத்து, முந்தானையைப் புரட்டிக்காட்டும் வீடியோ கேளுங்கள். சரக்கு கையில் இருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. "ஸ்டாக் குடோனில் இருக்கு மேடம்" என்று இழுப்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கேஷ் ஆன் டெலிவரியைப் பலர் பாதுகாப்பு என நம்புகிறார்கள். பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்கவிடுவார்கள். அதனால் முகவரிச் சீட்டு தெரியும்படி, வெட்டாத வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

ஏமாந்தால் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம்.