உங்களுக்குத் தெரியுமா? பையின் மேல் ஒரு பசுமை வாசகம்

லேபிளும் விளம்பரம்தான், தெரியுமா?

'நாங்கள் டி.வி.யில் விளம்பரம் செய்வதில்லை, பையில் ஒரு வரி அச்சடிக்கிறோம், அவ்வளவுதான்' என்று சிறு தயாரிப்பாளர்கள் பலர் நினைக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 விளம்பரத்துக்குத் தரும் விளக்கத்தில் லேபிள், மேலுறை, பில் எல்லாமே அடங்கும். அந்தச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2024 அக்டோபரில் பசுமை வாசகங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'பசுமையானது', 'பூமிக்கு நல்லது' போன்ற பொதுச் சொற்களைப் போடலாம். ஆனால் எந்த வகையில் நல்லது என்ற விளக்கம் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு ஆணையம் விதிக்கக்கூடிய அபராதம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, அடுத்த முறை 50 லட்சம் வரை. வாங்கியவர் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே புகார் பதிவாகிவிடும்.

பழுப்பு நிறப் பையெல்லாம் காகிதப் பை அல்ல, தெரியுமா?

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. சிறுதானிய மாவு, காபித் தூள், முறுக்கு என எதை வாங்கினாலும் இப்போது நிற்கும் வகை கிராஃப்ட் பவுச்சில் வருகிறது. பார்த்தால் காகிதம், தொட்டாலும் காகிதம். ஆனால் அதன் வாயைச் சீலிங் மெஷினில் வைத்துச் சூட்டில் ஒட்ட முடிகிறது என்றால், உள்ளே உருகி ஒட்டும் ஒரு படலம் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது பாலிஎதிலீன். ஈரம் புகாமலிருக்க நடுவில் வெள்ளி நிறப் படலம் ஒன்றும் சில பைகளில் இருக்கும். ஜிப்பும், உள்ளே தெரிய வைத்த கண்ணாடி போன்ற ஜன்னலும் பிளாஸ்டிக்தான்.

சந்தேகமிருந்தால் பையை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த ஓரத்தில் காகித நாருக்குப் பின்னால் மெல்லிய தோல் ஒன்று இழுபடும். ஒரு துண்டை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்தால், காலையில் காகிதம் உரிந்து படலம் தனியாகத் தெரியும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அரை கிலோ கம்பு மாவை இப்படியொரு பையில் விற்கும் ஒருவர், 'சுற்றுச்சூழலுக்கு உகந்த காகிதப் பை' என்று அச்சடிக்கிறார். வாங்கியவர் அதை நம்பிப் பழைய பேப்பரோடு போடுகிறார். காகித ஆலையில் கூழாக்கும்போது படலம் கரையாமல் கழிவாக ஒதுங்குகிறது. பிளாஸ்டிக்கோடு போட்டாலும், காகிதம் ஒட்டிய படலத்தைக் காயலான் கடைக்காரர் எடுப்பதில்லை. அதாவது, சாதாரண பிளாஸ்டிக் பைக்கு இருந்த மறுசுழற்சி வாய்ப்பும் இந்தப் பைக்கு இல்லாமல் போகலாம். வாசகம் சொன்னதற்கு நேர் எதிரான விளைவு!

அவர் நேர்மையாக எழுத வேண்டுமென்றால் இப்படி எழுதலாம்: 'பையின் வெளிப்புறம் காகிதம், உட்புறம் பிளாஸ்டிக் படலம். பழைய காகிதத்தோடு சேர்க்க வேண்டாம்.' விற்பனைக்கு இது கவர்ச்சியான வரி இல்லைதான். கவர்ச்சியான வரி வேண்டுமென்றால் பையை மாற்ற வேண்டும், வாசகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன, கொஞ்சம் மெல்லிய பைக்கு அவர் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பையில் பிளாஸ்டிக் 9 கிராம், புதியதில் 7 கிராம். குறைந்தது 2 கிராம், அதாவது சுமார் 22 சதவீதம். இப்போது 'எங்கள் முந்தைய அரை கிலோ பையைவிட 22% குறைந்த பிளாஸ்டிக்' என்று தைரியமாக எழுதலாம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. தராசு வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம்.

2 சதவீதம் 3 ஆனாலும் '50% அதிகம்'தான், தெரியுமா?

அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் தன் வழிகாட்டியில் சொல்லும் உதாரணம் இது. மறுசுழற்சிப் பொருளின் அளவு 2 சதவீதத்திலிருந்து 3 ஆனால், '50% அதிகம்' என்பது கணக்கில் சரி. ஆனால் படிப்பவர் மனதில் பாதிப் பை மறுசுழற்சிப் பொருள் என்றே பதியும். அதனால் கூடிய சதவீதத்தைப் போடாமல், மொத்தம் எவ்வளவு என்று போடுங்கள். அட்டைப்பெட்டிக்கு மட்டும் பொருந்துமானால் 'அட்டைப்பெட்டி மட்டும்' என்ற சொற்கள் அதே அளவு எழுத்தில் கூடவே இருக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் வெட்டி விழும் துண்டுகளை அதே இயந்திரத்தில் திரும்பப் போடுவது, ஐஎஸ்ஓ 14021 தரநிலைப்படி மறுசுழற்சிக் கணக்கில் சேராது.

'மறுசுழற்சி செய்யலாம்' என்பது ஊரைப் பொறுத்தது, தெரியுமா?

கனடாவில் கியூரிக் நிறுவனம் தன் காபிக் குப்பிகளை மறுசுழற்சி செய்யலாம் என்று விளம்பரப்படுத்தியது. மூடியை உரித்து, தூளைக் கொட்டிவிட்டுக் குப்பியைப் போட்டால் போதும் என்றது. அந்தப் பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி பயன்படுத்த முடியும் என்பது உண்மை. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக் ஆகிய இரண்டு மாகாணங்களுக்கு வெளியே பெரும்பாலான நகராட்சிகளின் மறுசுழற்சித் திட்டங்கள் அந்தக் குப்பிகளை ஏற்கவில்லை. ஏற்ற சில ஊர்களிலும் நிறுவனம் சொன்ன முறை போதுமானதாக இல்லை. 2022 ஜனவரியில் அந்நாட்டுப் போட்டி ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நிறுவனம் 30 லட்சம் கனடா டாலர் அபராதம் கட்டியது. வாசகத்தைத் திருத்தி, திருத்த அறிவிப்பும் வெளியிட்டது.

ஆய்வகத்தில் முடிவது வேறு, வாங்கியவரின் தெருவில் நடப்பது வேறு. இங்கே அதை அறிய நேரடியான வழி உண்டு. காலிப் பை பத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, விற்கிற ஊர்களில் நாலைந்து காயலான் கடைகளுக்குப் போய் 'இதை எடுப்பீர்களா' என்று கேளுங்கள். தலையசைத்து மறுத்தால் அந்த வார்த்தையை அச்சிட வேண்டாம்.

முக்கோண அம்புக்குள் இருக்கும் எண் மறுசுழற்சிக்கான உத்தரவாதம் அல்ல, தெரியுமா?

1 முதல் 7 வரையான அந்த எண்கள் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கின்றன. 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த முறை இது. அம்புகளைப் பார்த்து மக்கள் குழம்புவதால், 2013-இல் அந்நாட்டுத் தரநிலை அமைப்பு அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றியது. எண்ணைச் சிறிதாக அடியில் போடுங்கள். முகப்பில் பச்சை நிறத்தில் பெரிதாக வேண்டாம்.

வீட்டு உரக்குழியில் 'மக்கும் பை' மக்காமல் கிடக்கலாம், தெரியுமா?

'நான் பிளாஸ்டிக் இல்லை' என்று அச்சிட்ட சோளமாவுப் பைகளைக் கடைகளில் பார்க்கிறோம். நம் பிளாஸ்டிக் கழிவு விதிகள் அவற்றை மக்கும் பிளாஸ்டிக் என்ற வகையிலேயே வைக்கின்றன. அதற்கான தரநிலை ஐஎஸ் 17088. அதன் சோதனை சுமார் 58 டிகிரி வெப்பத்தில் நடக்கிறது. அந்த நிலையில் ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். மாடித்தோட்டத் தொட்டியில் வாரக்கணக்கில் அவ்வளவு சூடு நிலைக்காது. எனவே 'தொழிற்கூட உரக்கிடங்கில் மக்கும், வீட்டுக் குழிக்கு ஏற்றதல்ல' என்பதே முழு உண்மை.

இத்தகைய பைகளை விற்கத் தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பை வாங்கும்போதே அதன் நகலைக் கேளுங்கள். சான்றிதழில் உள்ள நிறுவனப் பெயரும் உங்கள் பில்லில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு சான்றிதழ் எண், பையின் அடுக்கு விவரம், எடை பார்த்த தேதி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, அதற்கு ஒரு கியூஆர் குறியீடு போட்டு லேபிளில் வாசகத்தின் பக்கத்திலேயே அச்சிடுங்கள். 2024 நெறிகள் இந்த வழியை அனுமதிக்கின்றன. பை சப்ளையர் மாறினால் அந்தப் பக்கத்தையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.