முந்தி நிற்பதும் முந்தி ஓடுவதும்

எங்கள் வீட்டுக் குவாட்ஸ் சுவர்க்கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி நிற்கும். உம்மா வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். அதற்காக அது வேகமாக ஓடுகிறது என்று சொல்லலாமா? முடியாது. ஒரு தடவை பார்த்து அறிவது வழு மட்டுமே. அந்த வழு நாளொன்றுக்கு எத்தனை செக்கன் மாறுகிறது என்பதே கடிகாரத்தின் வீதம்.

வலையமைப்பிலிருந்து தானாக நேரம் பெறும் கைப்பேசியோடு ஒப்பிட்டேன். செக்கன் முள் 12 இற்குத் தாவும் கணத்தில் கைப்பேசி காட்டிய நேரத்தைக் குறித்தேன். முதல் நாள் இரவு 8 மணிக்குக் கடிகாரம் 302 செக்கன் முந்தியிருந்தது. சரியாகப் பத்து நாட்களின் பின் 307 செக்கன். மாற்றம் 5 செக்கன். பத்தால் வகுத்தால் வீதம் நாளொன்றுக்கு +0.5 செக்கன். பிந்தி ஓடினால் குறி மறையாகும்.

ஏன் பத்து நாள்? ஒவ்வொரு வாசிப்பிலும் அரைச் செக்கன் பிழைக்கலாம். இரண்டிலும் சேர்த்து ஒரு செக்கன். ஒரே நாளில் அளந்திருந்தால் அந்தப் பிழை, தேடிய அரைச் செக்கனையே விழுங்கியிருக்கும். பத்து நாளில் அது நாளொன்றுக்கு 0.1 ஆகச் சுருங்குகிறது. ஆனால் இடையில் யாரும் முள்ளைத் திருப்பிவிடக் கூடாது. திருப்பினால் மீண்டும் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். அதனால் அந்தப் பத்து நாளும் உம்மாவைக் கடிகாரத்தின் பக்கம் நான் விடவேயில்லை!