மேனேஜருக்குப் பிரிவுப் பரிசு: யார் எவ்வளவு போடுவது?

வங்கிக் கிளையில் மேனேஜருக்கு மாறுதல் உத்தரவு வந்தால், அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் அவர் இல்லாத ஒரு குழு முளைத்துவிடும். அதில் முதல் செய்தி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "சாருக்கு நல்லதா ஒரு வாட்ச் எடுத்துடலாம். ஒன்பதாயிரம் ஆகுது. தலைக்கு 600." அதன் கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்ட பட்டியல். ஒவ்வொருவரும் அதை நகலெடுத்துத் தன் பெயரையும் தொகையையும் சேர்த்துத் திரும்பப் போடுவார்கள். ஏழாவது பெயர் வரும்போது எல்லோருக்கும் நேராக 600 என்று நிற்கும். எட்டாவது ஆள் 200 என்று எழுத அசாத்திய துணிச்சல் வேண்டும்.

சிக்கல் அந்தப் பட்டியல் தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பொருளை முதலில் முடிவு செய்து, விலையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் அது. கடைக்குப் போய் வாங்கிய பிறகு மூன்று பேர் பின்வாங்கினால், 600 என்பது 750 ஆகிவிடும். அந்த 150 ரூபாய்க்கான எரிச்சல், போட முடியாமல் போனவர் மீது திரும்பும்.

நடுத்தரமான ஒரு கிளையை எடுத்துக்கொள்வோம். மேனேஜர் தவிர பதினைந்து பேர். மூத்த அதிகாரிகள் இரண்டு பேருக்கு மாதம் 1,20,000 ரூபாய் சம்பளம். மற்ற அதிகாரிகள் ஐந்து பேருக்கு 80,000. கிளார்க் ஐந்து பேருக்கு 50,000. அட்டெண்டருக்கு 35,000. ஏஜென்சி மூலம் வந்த செக்யூரிட்டிக்கு 16,000. காலையில் வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும் அக்காவுக்கு 9,000. தொகைகள் உதாரணத்துக்குத்தான் என்றாலும், இடைவெளி பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது.

தலைக்கு 600 என்றால் எல்லோருக்கும் ஒரே தொகை, பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பெருக்கும் அக்காவுக்கு ஒரு நாள் கூலி 300 ரூபாய். அவர் கொடுப்பது இரண்டு நாள் கூலி. மூத்த அதிகாரிக்கு ஒரு நாளைக்கு 4,000. அவர் கொடுப்பது ஒன்றேகால் மணி நேரச் சம்பளம்கூட இல்லை. அந்த அக்காவிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம். கேட்கவில்லை என்றாலும் காதில் விழும். "எல்லாரும் போடுறாங்களாமே, நான் மட்டும் எப்படி சார் சும்மா இருக்கிறது?" என்று முந்தானையில் முடிந்த நோட்டை எடுத்து நீட்டுபவரைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை மறக்க மாட்டார்கள்.

அப்படியானால் சம்பள விகிதப்படி போடலாமே என்று அடுத்து ஒருவர் சொல்வார். கிளையில் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மொத்தச் சம்பளம் 9,50,000. அதில் ஒன்பதாயிரத்தைப் பிரித்தால் மூத்த அதிகாரிக்கு ஏறக்குறைய 1,137, மற்ற அதிகாரிக்கு 758, கிளார்க்குக்கு 474, அட்டெண்டருக்கு 332, செக்யூரிட்டிக்கு 152, பெருக்கும் அக்காவுக்கு 85. தாளில் இதைவிட நேர்மையான பிரிவினை கிடையாது. நடைமுறையில் இது இரண்டு இடங்களில் உடைகிறது.

ஒன்று, 85 ரூபாய் என்று ஒருவருக்கு நாமே எழுதித் தருவது அவருடைய சம்பளத்தை ஊரறியச் சொல்வது. அவர் 600 கொடுத்துக் கஷ்டப்படுவதைவிட இது மேல் என்று நமக்குத் தோன்றலாம். அவருக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாவதுதான் பெரியது. சம்பளம் ஒன்றாக இருந்தாலும் கையில் மிஞ்சுவது ஒன்றாக இருக்காது. ஐம்பதாயிரம் வாங்கும் ஒரு கிளார்க்கின் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, வீடு சொந்தம். அதே ஐம்பதாயிரம் வாங்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கு வீட்டுக் கடன் தவணை, அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். இருவருக்கும் 474 என்று போடும் சூத்திரத்துக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்தால் ஒவ்வொருவரின் வீட்டுக் கணக்கையும் கிளறவேண்டியிருக்கும். இந்தக் கணக்கைச் சரியாகப் போடக்கூடியவர் அந்தந்த ஆள் மட்டும்தான்.

அதனால் விலையை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியையே விட்டுவிடுவது நல்லது. முதலில் பணம் வரட்டும். வந்த பணத்துக்குள் பொருள் வாங்குவோம். ஒவ்வொருவரும் எவ்வளவு போட்டார் என்பது மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. நம்மூர் மொய் நோட்டுக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. மொய்யில் பெயரும் தொகையும் எழுதப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நாளை அவர் வீட்டு விசேஷத்தில் அது திரும்பப் போக வேண்டும். மாறுதலில் போகும் மேனேஜர் யாருக்கும் திருப்பி எழுதப் போவதில்லை. பிறகு எதற்கு நோட்டு? (501 என்று ஒரு ரூபாய் சேர்த்துப் போடும் வழக்கத்தை மட்டும் சிலர் இங்கேயும் விடமாட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.)

ரகசியத்தைக் காப்பாற்ற எளிய வழி கவர். பதினைந்து பேருக்கும் ஒரே மாதிரி, பெயர் எழுதாத கவர் ஒன்று. போட விரும்புகிறவர் விரும்பியதைப் போடலாம். போட முடியாதவர் வெறும் கவரை ஒட்டித் தரலாம். எல்லோரும் கவர் தருவதுதான் இதில் முக்கியம். போடாதவர் தராமல் இருந்துவிட்டால் அவர் யார் என்று தெரிந்துவிடும். வெறும் கவரானால் பணம் சேர்ப்பவருக்கே தெரியாது. கூகுள் பே, போன்பே வசதிதான், ஆனால் பெயரும் தொகையும் நேரமும் சேர்ந்தே போகும். பாதிப் பேர் அப்படி அனுப்பினாலும், கவர் வழியும் உண்டு என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடவேண்டும்.

நம் கிளையில் கவர் வழியில் என்ன நடக்கும்? மனிதர்கள் 758 ரூபாய் போட மாட்டார்கள், கையில் இருக்கும் நோட்டைப் போடுவார்கள். ஆயிரம் ரூபாய் இரண்டு கவரில், ஐந்நூறு ஏழு கவரில், இருநூறு மூன்றில், நூறு ஒன்றில், இரண்டு கவர் வெறும் கவர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,200 ரூபாய். ஒன்பதாயிரம் வரவில்லை. இங்கேதான் பல கிளைகள் தடுமாறுகின்றன. "இன்னும் 2,800 குறையுது, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பினால், அதுவரை காப்பாற்றிய ரகசியம் பாழ். குறைவாகப் போட்டவர்தான் அந்த வாக்கியத்தைத் தன்னைக் குத்துவதாக எடுத்துக்கொள்வார். செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, வாட்ச்சை மறப்பது. 5,000 ரூபாய்க்கு ஒரு நல்ல பொருள், மிச்ச 1,200 ரூபாயில் பொன்னாடையும் ஸ்வீட்டும். ஒன்பதாயிரத்துக்கு ஒரு வாட்ச் பேசப்பட்டது என்பது மேனேஜருக்குத் தெரியவே தெரியாது.

இந்த முறையில் வசதியிருந்தும் வெறும் கவர் தருபவர் ஒருவர் இருக்கத்தான் செய்வார். இருக்கட்டும். அவரைக் கண்டுபிடிக்கப் போடும் எந்த ஏற்பாடும் உண்மையிலேயே முடியாதவரையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்நூறு ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது.

ஒரு தொகையுமே சொல்லாவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர்கள் தவிப்பார்கள் என்பது உண்மை. "எவ்வளவு மேடம் போடணும்?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்பார்கள். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கான நெறிமுறை விதிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஓய்வு, மாறுதல் போன்ற சமயங்களில் மேலதிகாரிக்குப் பரிசு வாங்கப் பணம் கேட்கும்போது ஒரு தொகையைப் பரிந்துரைக்கலாம். ஆனால் அதைவிடக் குறைவாகவோ ஒன்றும் தராமலோ இருக்கலாம் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். நம் குழுவுக்கு அதை இப்படி எழுதலாம்: "200லிருந்து 1,000 வரை அவரவர் விருப்பம். போட முடியாவிட்டாலும் வாழ்த்து அட்டையில் எல்லோர் கையெழுத்தும் இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கவர் தந்துவிடுங்கள்." ஒரே எண்ணைச் சொல்லாமல் அகலமான ஓர் இடைவெளியைச் சொன்னால், கீழ் முனையில் நிற்பவருக்கும் தலை குனியாமல் நிற்க இடம் கிடைக்கும்.

நம் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலும் இதையொட்டி ஒன்று உண்டு. 14ஆவது விதி பிரிவு உபசார விருந்துகளைப் பற்றியது. ஓய்வு, மாறுதல் சமயத்தில் தனிப்பட்ட முறையிலான எளிய விருந்துக்குத் தடையில்லை. ஆனால் அதற்குப் பணம் தரச்சொல்லி எந்த ஊழியரையும் நெருக்கக் கூடாது. மேல்நிலை அதிகாரி ஒருவரின் விருந்துக்காகக் கடைநிலைப் பிரிவு ஊழியர்களிடம் வசூல் செய்வதற்கோ முழுத் தடை. வங்கிகளுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் வேறு விதிகள்தான். ஆனாலும் இந்த விதியின் கண் எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். கீழே இருப்பவர் மனமுவந்து தந்தாரா, மேலே இருப்பவருக்குப் பயந்து தந்தாரா என்பதை வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. அதனால் கேட்பதையே தடுக்கிறது.

அந்தப் பயம் வங்கியிலும் உண்டு. போகிற மேனேஜர் அந்த வருடத்து மதிப்பீட்டை எழுதி முடித்திருக்கமாட்டார். அடுத்த பொறுப்பில் இருப்பவர்தான் நாளை விடுப்புக்குக் கையெழுத்துப் போடுவார். ஆகவே அந்த இரண்டாம் இடத்து அதிகாரி பணம் சேர்க்கக் கூடாது. அவர் குழுவில் முதல் ஆளாக "என் பங்கு 2,000" என்று எழுதவும் கூடாது. பெருந்தன்மையாகத்தான் எழுதுவார், ஆனால் அந்த 2,000 மற்றவர்களின் அளவுகோலாகிவிடும். யாருக்கும் விடுப்பும் மதிப்பீடும் தராத, வாயை மூடத் தெரிந்த ஒரு கிளார்க் போதும்.

ரகசியம் என்றால் கணக்கே இல்லை என்று பொருளல்ல. கவர்களைப் பிரிக்கும்போது இரண்டு பேர் இருக்கட்டும், பிறகு மொத்தத் தொகையையும் கடை பில்லையும் குழுவில் போட்டுவிடலாம். தனித்தனித் தொகை மட்டும் வெளியே வரக் கூடாது. பொருள் வாங்கி முப்பது, நாற்பது ரூபாய் மிஞ்சினால் அதை விகிதப்படி திருப்ப உட்காராதீர்கள், டீக்குப் போய்விடும். பெரிதாக மிஞ்சினால் மேனேஜருக்கு இன்னொரு சின்னப் பொருள் சேர்த்துவிடலாம், அடுத்த மாறுதலுக்கு என்று எடுத்துவைப்பது வேண்டாம். ஆறு மாதம் கழித்து அது எங்கே என்று யாருக்கும் நினைவிருக்காது, ஒருவருக்கு மட்டும் நினைவிருக்கும்.

அட்டையில் கையெழுத்தை ஒரே வரிசையில் வாங்காதீர்கள், பதவி வரிசையிலும் வேண்டாம். மேசையில் விரித்து வைத்தால் கிடைத்த இடத்தில் அவரவர் போடுவார்கள். கையெழுத்து வராத அக்கா பெயரைச் சொன்னால் யாராவது எழுதட்டும். மகப்பேறு விடுப்பில் இருப்பவரிடம் பணம் கேட்கவேண்டாம், பெயரைச் சேர்க்கலாமா என்று மட்டும் கேளுங்கள். போன வாரம் சேர்ந்தவருக்கும் அதேதான், மேனேஜரோடு அவருக்கு என்ன பழக்கம்?

விழா முடிந்து இரண்டு நாள் கழித்து ஒருவர் ஐந்நூறு ரூபாயோடு வருவார், "சம்பளம் இப்பத்தான் வந்துச்சு மேடம், என் பங்கு" என்று. வெறும் கவர் தந்தவர் அவராகத்தான் இருக்கவேண்டும் என்று அந்த நொடியில் பணம் சேர்த்தவருக்குத் தெரிந்துவிடும். வாங்கவேண்டாம். கணக்கு முடிஞ்சுபோச்சு சார், எதுவும் குறையலை என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதை மூத்த அதிகாரியிடம் போய்ச் சொல்லாமல் இருந்தால் சரி.