பேங்க் கிளார்க் வேலைக்கு ரெஸ்யூமே அனுப்புறீங்களா? அந்த நாலு வரி மெயிலில் கவனம்!

டிகிரி முடித்தாயிற்று. ரெஸ்யூமேவும் ரெடி. பேங்க் கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஃபைலை அட்டாச் செய்து, 'PFA resume' என்று தட்டிவிட்டு சென்ட் பட்டனை அழுத்திவிடுகிறோம். அந்தப் பக்கம் திறப்பவருக்கு அதில் என்ன தெரியும் என்று யோசித்திருக்கிறீர்களா?

முதலில் ஒரு விஷயம். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலைக்கு ரெஸ்யூமே மெயில் செல்லாது. அதற்கு ஐ.பி.பி.எஸ் தேர்வு எழுத வேண்டும்; ஸ்டேட் பேங்க் தனியாகத் தேர்வு நடத்துகிறது. 'அரசு வங்கியில் கிளார்க் வேலை, ரெஸ்யூமேவும் டெபாசிட் பணமும் அனுப்புங்க' என்று யாராவது கேட்டால் அது மோசடிதான். இந்த மெயில் உதவுவது, அறிவிப்பிலேயே மெயில் ஐ.டி கொடுத்து ரெஸ்யூமே கேட்கும் தனியார் வங்கிகள் போன்ற இடங்களுக்குத்தான்.

மெயிலே ஒரு சாம்பிள்

கிளார்க் வேலை என்பது என்ன? பெயர், தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்வது. செக்கில் தொகை எண்ணில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருந்தால் திரும்பி வரலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவரே, வேறொரு வங்கியின் பெயரை மாற்ற மறந்த பழைய மெயிலை அப்படியே அனுப்பினால்? ரெஸ்யூமேவைத் திறக்கும் முன்பே உங்கள் வேலையின் சாம்பிள் அவருக்குக் கிடைத்துவிடும்.

ஒரு மெயில், இரண்டு விதம்

ஒரு பி.காம் பட்டதாரி, திண்டுக்கல் கிளைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலரும் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: 'மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி. புதியவற்றைக் கற்கும் ஆர்வம் உண்டு. வாய்ப்பு தந்தால் என்றும் நன்றியுடன் இருப்பேன்.' இதில் எந்த வேலை, எந்த ஊர், என்ன படிப்பு என்று எதுவுமே இல்லை. படிப்பவர் ஒரு அம்மாவாகவும் இருக்கலாம். அதனால் 'ஐயா'வும் வேண்டாம். பொதுவாக 'வணக்கம்' போதும்.

அதே நபர் இப்படி எழுதலாம். ஆங்கிலத்தில்தான் அனுப்புவார், விஷயம் இதுதான்:

'வணக்கம். உங்கள் இணையதளத்தில் ஜூன் 10 அன்று வந்த அறிவிப்பைப் பார்த்து, திண்டுக்கல் கிளை கிளார்க் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். 2024-ல் பி.காம் முடித்தேன், 72 சதவிகிதம். ஓராண்டாகத் துணிக்கடை ஒன்றில் கேஷ் கவுன்டரில் இருக்கிறேன். தினமும் இரவு கல்லா ரொக்கத்தையும் யு.பி.ஐ வரவையும் பில்லோடு ஒப்பிட்டுக் கணக்கு முடிப்பது என் பொறுப்பு. ரெஸ்யூமே இணைத்துள்ளேன். 15 நாள்களில் சேர முடியும்.' கீழே பெயர், மொபைல் எண்.

கல்லாவை டேலி செய்த அந்த ஒரு வரியைப் பாருங்கள். 'கடின உழைப்பாளி' என்று யாரும் சொல்லிவிடலாம். இதைச் செய்தவர் மட்டும்தான் சொல்ல முடியும். வேலை அனுபவம் இல்லையா? காலேஜ் விழா வசூல் கணக்கு பார்த்தது, டேலி கோர்ஸ் முடித்தது என்று பணத்தோடும் கணக்கோடும் தொடர்புள்ள ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். ஆனால், அது ரெஸ்யூமேவிலும் இருக்க வேண்டும். மெயிலில் 72, ரெஸ்யூமேவில் 70.2 என்று இருந்தால் சிக்கல்தான்.

சப்ஜெக்ட்டும் ஃபைல் பெயரும்

சப்ஜெக்ட் வரியை காலியாக விடாதீர்கள். `Clerk - Dindigul - B.Com 2024` என்றிருந்தால், மொபைலில் பார்ப்பவருக்கும் திறக்காமலே விஷயம் புரியும். அறிவிப்பில் வேலைக்கான கோடு எண் கொடுத்திருந்தால் அதையும் சேருங்கள். ஃபைல் பெயர் `new final 2.pdf` என்றிருந்தால், அவர் டவுன்லோடு செய்த பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பெயரும் பதவியும் அதில் இருக்கட்டும். வேர்டு ஃபைல் சில போன்களில் கலைந்து தெரியும், பி.டி.எஃப் அப்படியே நிற்கும். ஆதார், பான் நகல்களைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

பத்து வங்கிகளின் முகவரியை ஒரே 'To' கட்டத்தில் போடுவதும் கூடாது. எல்லோருக்கும் எல்லோரும் தெரிவார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகவே அனுப்புங்கள்.

அனுப்பும் முன்

முதலில் ஃபைலை இணையுங்கள், பிறகு மெயிலை எழுதுங்கள், கடைசியில் முகவரியை நிரப்புங்கள். முகவரி இல்லாமல் மெயில் போகாது என்பதால், பாதியில் கை தவறி சென்ட் தட்டினாலும் பிரச்னை இல்லை. முடித்ததும் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, போனில் அட்டாச்மென்ட்டைத் திறந்து பாருங்கள். வங்கியின் பெயர், கிளை, உங்கள் மொபைல் எண் மூன்றும் சரியாக இருந்தால், இனி அனுப்பலாம்.